கேமராவின் முகம் வேண்டாம், வாலைப் படம் எடுத்து அனுப்புங்கள்

தெரிந்த தம்பி ஒருவர் சிறிய கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். முன்பு அங்கே இருந்தவர் காலி செய்தபோது கண்காணிப்புக் கேமராக்களின் ரெக்கார்டரை ஹார்ட் டிஸ்க்கோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார். கேமராக்கள் நான்கும் கூரையிலும் சுவரிலும் அப்படியே இருந்தன. கல்லாவுக்கு அடியில் நான்கு வயர்களின் முனைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தம்பி ஒரு கேமராவைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, "அண்ணே, இதுக்கு எந்த ரெக்கார்டர் வாங்கணும்?" என்று கேட்டார்.

படத்தில் இருந்தது ஒரு வெள்ளைக் குடுவை. நடுவில் லென்ஸ், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன எல்இடி விளக்குகள், ஓரத்தில் பாதி அழிந்த ஒரு கம்பெனிப் பெயர். இதைப் போன்ற படங்கள் எனக்கு அடிக்கடி வரும். இதை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. ஒரே அச்சில் வார்த்த குடுவைக்குள் பழைய அனலாக் போர்டும் இருக்கலாம், 2 மெகாபிக்சல் எச்டி அனலாக் போர்டும் இருக்கலாம், நெட்வொர்க் கேமராவின் போர்டும் இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். படத்தை வைத்து இணையத்தில் தேடினாலும் அதே குடுவை பத்துப் பெயர்களில் வந்து நிற்கும். அந்தத் தேடலை ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம். அதை நம்பிப் பணம் கட்ட முடியாது.

கேமராவின் குணம் தெரிவது இரண்டு இடங்களில். ஒன்று, அதன் பின்னால் வரும் வால். அதாவது கேமராவிலிருந்தே ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்து பிளக்குகளில் முடியும் வயர். இன்னொன்று, அதன் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் லேபிள். எனவே தம்பியிடம் ஒவ்வொரு கேமராவுக்கும் மூன்று படங்கள் கேட்டேன்: வாலில் உள்ள எல்லா பிளக்குகளும் தெரிகிற மாதிரி ஒன்று, லேபிள் நேராகத் தெரிகிற மாதிரி ஒன்று, கல்லாவுக்கு அடியில் தொங்கும் வயர் முனை ஒன்று. கூடவே ஒவ்வொரு படத்திலும் கேமராவின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்து எடுக்கச் சொன்னேன். இல்லாவிட்டால் பன்னிரண்டு படங்களில் எது எதனுடையது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

லேபிளைப் படம் எடுப்பதில் ஒரு சின்ன வித்தை உண்டு. ஃபிளாஷ் போட்டால் வெள்ளி நிற லேபிள் பளிச்சென்று வெளுத்துவிடும், எழுத்து ஒன்றும் விழாது. ஃபிளாஷை அணைத்துவிட்டு, வேறொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழிந்த எழுத்துகூடத் தெரியும். கேமரா எட்டாத உயரத்தில் இருந்தால் போனில் வீடியோவை ஓடவிட்டு, கையை உயர்த்தி மெதுவாகச் சுற்றிக் காட்டிவிட்டு, அதிலிருந்து தெளிவான ஒரு காட்சியை நிறுத்தி எடுத்துக்கொள்ளலாம். வாலைப் பார்க்கப் பெரும்பாலும் கேமராவின் அடித்தட்டில் உள்ள திருகுகளைக் கழற்ற வேண்டியிருக்கும், பிளக்குகளைச் சுவருக்குள்ளோ பெட்டிக்குள்ளோ திணித்து வைத்திருப்பார்கள். கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழற்றுவது நல்லது.

படங்கள் வந்ததும் கதை மாறிவிட்டது. நான்கும் ஒரே மாதிரி என்று தம்பி நினைத்திருந்தார். உண்மையில் அங்கே மூன்று வகை இருந்தன.

முதல் இரண்டு கேமராக்களின் வாலில் ஒரு பிஎன்சி பிளக் இருந்தது, உருண்டையாக, திருகிப் பூட்டுகிற உலோக முனை. பக்கத்தில் 12 வோல்ட் அடாப்டர் செருகும் வட்டத் துளை. இவற்றுக்கு நடுவே வயரிலேயே ஒரு குட்டி ஜாய்ஸ்டிக். மூன்றாவது கேமராவில் பிஎன்சியும் வட்டத் துளையும் மட்டும், ஜாய்ஸ்டிக் கிடையாது. நான்காவதில் பிஎன்சியே இல்லை. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கேபிள் செருகும் சதுரத் துளையும், பக்கத்தில் வட்டத் துளையும் இருந்தன.

பிஎன்சி என்றால் அனலாக் குடும்பம், சதுரத் துளை என்றால் ஐபி எனப்படும் நெட்வொர்க் குடும்பம். இந்த அளவில் வாலே சொல்லிவிடும். ஆனால் கேமராவின் வாலையே பார்க்க வேண்டும், சுவரில் ஓடும் கேபிளைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. இந்தக் கடையிலேயே அதற்கு உதாரணம் இருந்தது. இரண்டாவது கேமராவுக்குப் போன கேபிள் நீல நிற நெட்வொர்க் கேபிள். அதை மட்டும் பார்த்தால் யாரும் ஐபி கேமரா என்றுதான் சொல்வார்கள். இரண்டு முனையிலும் பலூன் என்று சொல்லும் சின்ன இணைப்பான்கள் மாட்டியிருந்தன. அனலாக் வீடியோவை நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடிக் கம்பியில் அனுப்புவதற்கான பொருள் அது. கேபிள் நீலமாக இருந்தாலும் கேமரா அனலாக்தான். கல்லா முனையின் படத்தைத் தனியாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அனலாக் குடும்பம் என்று தெரிந்தால் பாதி வேலைதான் முடிந்தது. பிஎன்சி பிளக் வழியாக வரும் வீடியோவில் குறைந்தது நான்கு வகை புழக்கத்தில் இருக்கின்றன. பழைய டிவிக்குப் போவது போன்ற சிவிபிஎஸ் ஒன்று. எச்டி தரத்தில் டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று மூன்று. பிளக் ஒன்றுதான், எல்லாம் எல்லாவற்றிலும் செருகும், ஆனால் ரெக்கார்டருக்குப் புரியாத வகையாக இருந்தால் படம் வராது. கடைக்காரர்கள் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். "செருகிப் பார்த்தேன், பொருந்தியது, வாங்கிவிட்டேன்" என்பார்கள்.

வாலில் உள்ள ஜாய்ஸ்டிக் இந்த நான்கு வகைக்கும் மாற்றிக்கொள்ளக்கூடிய கேமராவுக்கு ஓர் அடையாளம். அதை ஒரு திசையில் ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் கேமரா அந்தத் திசைக்குரிய வகைக்கு மாறும். எந்தத் திசைக்கு எது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், வாலிலேயே ஒரு சின்ன அட்டையில் அச்சிட்டுக் கட்டியிருப்பார்கள். ஆனால் ஜாய்ஸ்டிக் இருப்பதாலேயே நான்கும் வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய சிவிபிஎஸ் கேமராக்கள் சிலவற்றிலும் வெளிச்சம், நிறம் மாற்றும் மெனுவுக்காக இதே மாதிரி பட்டன் வைத்திருந்தார்கள். ஆகவே லேபிளைப் பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

முதல் இரண்டு கேமராக்களின் லேபிளில் மாடல் எண் தெளிவாக விழுந்திருந்தது: DS-2CE56D0T-IRPF. இது ஹிக்விஷனின் எண் முறை. இந்த முறையில் 2CE என்று வந்தால் அனலாக், 2CD என்று வந்தால் நெட்வொர்க் கேமரா. நடுவில் வரும் D0 என்பது 2 மெகாபிக்சலைக் குறிக்கும், C0 என்றிருந்தால் 1 மெகாபிக்சல், H0 என்றால் 5. கடைசியில் உள்ள F என்ற ஒற்றை எழுத்துதான் நமக்கு முக்கியம். இந்த வரிசையில் அது இருந்தால் நான்கு வகைக்கும் மாறும், இல்லாத பழைய மாடல் டிவிஐ மட்டும்தான் தரும். ஆக ஜாய்ஸ்டிக்கும் F எழுத்தும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. தாஹுவா கேமராவாக இருந்தால் HAC என்று தொடங்குவது அனலாக், IPC என்று தொடங்குவது நெட்வொர்க். மற்றவர்களின் எண் முறையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. முழு மாடல் எண்ணை அப்படியே தட்டச்சிட்டுத் தேடினால் அந்த மாடலின் விவரத்தாள் கிடைக்கும். பாதி எண்ணை வைத்துத் தேடினால் பக்கத்து மாடலின் தாள் வந்துவிடும். ஒரு எழுத்தில் வகையே மாறிவிடும் என்பதற்கு மேலே சொன்ன F ஒன்றே போதும்.

மூன்றாவது கேமராதான் என்னை உட்கார வைத்தது. லேபிள் வெயிலில் வெளுத்து, "DC 12V" என்பது மட்டும் மிச்சம். பிஎன்சி இருக்கிறது, ஆனால் எந்த வகை? இந்த மாதிரி நேரத்தில் ரெக்கார்டர் வாங்காமலேயே செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பிஎன்சியை ஆர்சிஏவாக மாற்றும் சின்ன இணைப்பானை மாட்டி, கேமராவைப் பழைய டிவியின் மஞ்சள் நிற வீடியோ துளையில் செருகி, 12 வோல்ட் கொடுக்க வேண்டும். தெளிவான கலர் படம் வந்தால் அது சிவிபிஎஸ் தருகிறது. எச்டி வகையாக இருந்தால் டிவியில் ஒழுங்கான படம் வராது: ஒன்றுமே வராது, அல்லது கிழிந்த கோடுகள் மட்டும் தெரியும்.

படம் வரவில்லை என்றால் உடனே கேமரா செத்துவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டாம். லென்ஸ் பக்கத்தைக் கையால் மூடி இருட்டாக்கினால் அகச்சிவப்பு எல்இடிகள் எரிய ஆரம்பிக்கும். பெரும்பாலான கேமராக்களில் அவை மங்கலான சிவப்பாகக் கண்ணுக்கே தெரியும். தெரியாவிட்டால் போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பார்த்தால் அனேகமாக வெளிர் ஊதாவாகத் தெரியும். எல்இடி எரிகிறது என்றால் மின்சாரம் போய்ச் சேர்கிறது, தகராறு வீடியோ பக்கத்தில். எரியவில்லை என்றால் முதலில் அடாப்டரையும் வயரையும் பாருங்கள்.

மூன்றாவது கேமரா டிவியில் தெளிவாகவே படம் காட்டியது. அது சிவிபிஎஸ்ஸில் ஓடுகிறது. ஜாய்ஸ்டிக்கும் இல்லை, எச்டி தரும் இரண்டாவது பிஎன்சியும் இல்லை, அதனால் வேறு வகைக்கு மாற்றவும் வழியில்லை. இதைத் தூக்கிப் போட வேண்டுமா என்று தம்பி கேட்டார். தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும். சிவிபிஎஸ் படம் ரெக்கார்டரில் அதிகபட்சம் 960×576 அளவில் பதிவாகும். முதல் இரண்டும் தருவது 1920×1080. பிக்சல் கணக்கில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். அந்தக் கேமரா கல்லாவுக்கு மேலே இருந்தது, ரூபாய் நோட்டு கைமாறுவதும் ஆளின் முகமும் தெரிய வேண்டிய இடத்தில். அதைப் பின்பக்கச் சரக்கு அறைக்கு மாற்றிவிட்டு, சரக்கு அறையில் வீணாக இருந்த 2 மெகாபிக்சல் கேமராவைக் கல்லாவுக்குக் கொண்டுவரச் சொன்னேன். சரக்கு அறையில் யார் உள்ளே போனார், எப்போது போனார் என்று தெரிந்தால் போதுமே.

நான்காவது கேமராவின் லேபிளில் இரண்டு விஷயங்கள் இருந்தன. "DC12V/PoE" என்ற வரி, அதாவது 12 வோல்ட் அடாப்டரிலும் ஓடும், நெட்வொர்க் கேபிள் வழியாக வரும் மின்சாரத்திலும் ஓடும். அப்புறம் MAC என்று போட்டு ஆறு ஜோடி எழுத்து-எண்கள். மேக் முகவரி இருந்தாலே அது நெட்வொர்க் கேமரா, வேறு பேச்சே கிடையாது. மாடல் எண் தெரியாத, பெயரில்லாத கேமராவுக்கு மேக் முகவரி இன்னொரு விதத்திலும் உதவும். அதன் முதல் மூன்று ஜோடிகள் அந்த முகவரித் தொகுதியைப் பதிவு செய்தவரைக் குறிக்கும். ஐஇஇஇ அமைப்பின் பொதுப் பட்டியலில் தேடினால், வெளியே வேறு பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே யாருடைய சரக்கு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மிக மலிவான சில கேமராக்களில் பதிவே இல்லாத முகவரியைப் போட்டிருப்பார்கள், அப்போது இது பலிக்காது.

நெட்வொர்க் கேமராவைப் பொறுத்தவரை, அது என்ன என்று கண்டுபிடிப்பதைவிட அதன் பாஸ்வேர்டு நம் கையில் இருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அனலாக் கேமராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது, மின்சாரம் கொடுத்தால் படம் தரும். நெட்வொர்க் கேமராவோ பெரும்பாலும் பாஸ்வேர்டு இல்லாமல் எந்த ரெக்கார்டருக்கும் படம் தராது. சிலவற்றில் மூடியைத் திறந்தால் உள்ளே ரீசெட் பட்டன் இருக்கும். சிலவற்றில் அதுவும் இருக்காது, தயாரிப்பாளர் வழியாகத்தான் மாற்ற முடியும். ஆகவே பழைய நெட்வொர்க் கேமராவைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன் பட்டன் இருக்கும் இடத்தையும் படம் எடுத்துக் கேளுங்கள். தம்பியின் கேமராவில் பட்டன் இருந்தது. அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்ததும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிப் புது பாஸ்வேர்டு கேட்டது.

இப்போது ரெக்கார்டருக்கு வருவோம். கையில் இருப்பது 2 மெகாபிக்சல் எச்டி அனலாக் இரண்டு, சிவிபிஎஸ் ஒன்று, ஐபி ஒன்று. என்விஆர் எனப்படும் நெட்வொர்க் ரெக்கார்டர் வாங்கினால் மூன்று கேமராக்கள் வீண், அதில் பிஎன்சி துளையே இருக்காது. அனலாக் மட்டும் ஏற்கும் சாதாரணப் பழைய டிவிஆர் வாங்கினால் நான்காவது வீண். வேண்டியது கலப்பு ரெக்கார்டர். விற்பவர்கள் இதை ஃபைவ்-இன்-ஒன் என்பார்கள், சிலர் எக்ஸ்விஆர் என்பார்கள். டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி, சிவிபிஎஸ் நான்கையும் பிஎன்சியில் வாங்கிக்கொண்டு, ஐபி கேமராவை நெட்வொர்க் வழியாகவும் சேர்த்துக்கொள்ளும்.

அட்டைப் பெட்டியில் இந்தப் பெயர் இருந்தாலும் விவரத்தாளில் இரண்டு வரிகளைப் படிக்காமல் வாங்க வேண்டாம் என்று தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

முதல் வரி, பதிவாகும் அளவு. பெட்டியின் முகப்பில் 1080 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். உள்ளே பார்த்தால் 1080N அல்லது 1080p Lite என்று இருக்கும். அப்படியென்றால் பதிவாவது 960×1080, அகலத்தில் சரிபாதி. கேமரா 1920 புள்ளிகளை அனுப்புகிறது, ரெக்கார்டர் அதில் பாதியை விட்டுவிட்டுப் பதிந்து, காட்டும்போது இழுத்து நிரப்புகிறது. நேரலையில் பார்க்கும்போது அழகாகத்தான் தெரியும். பதிவை ஓடவிட்டு முகத்தைப் பெரிதாக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். நேரலையைக் காட்டி விற்கிற கடையில் பதிவை ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழு 1080-ம் பதியும் ரெக்கார்டரிலும் விநாடிக்கு எத்தனை காட்சி என்று பாருங்கள். முழு அளவில் 12 அல்லது 15 மட்டும் என்று சிலவற்றில் இருக்கும். ஒரு சிறிய கடைக்கு 15 போதும் என்பது என் கருத்து. அகலம் பாதியாவதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. நாளைக்கு 5 மெகாபிக்சல் அனலாக் கேமரா வாங்கி 2 மெகாபிக்சல் வரை மட்டும் ஏற்கும் ரெக்கார்டரில் செருகினால், தரம் குறைந்த படம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் படமே வராது. கேமராவில் தரத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் மட்டும் தப்பிக்கலாம்.

இரண்டாவது வரி, சேனல் கணக்கு. நான்கு சேனல் என்று சொல்லும் ரெக்கார்டர்கள் இரண்டு விதம். ஒன்றில் நான்கு பிஎன்சியும், அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ ஐபி சேனலும் கூடுதலாக இருக்கும். இன்னொன்றில் மொத்தமே நான்குதான். ஐபி ஒன்றைச் சேர்த்தால் அனலாக்கில் ஒன்று குறையும். மலிவான போர்டுகளில் "Channel Type" அல்லது "Channel Mode" என்ற பக்கத்தில் முன்கூட்டியே வகுத்த சில கூட்டணிகளில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்: நான்கும் அனலாக், இரண்டு அனலாக்கும் இரண்டு ஐபியும், நான்கும் ஐபி என்கிற மாதிரி. தம்பிக்குத் தேவை மூன்றும் ஒன்றும். அவர் முதலில் பார்த்து வைத்திருந்த ரெக்கார்டரின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்றும் ஒன்றும் என்ற தேர்வே அதில் இல்லை. அதை விட்டுவிட்டு, நான்கு பிஎன்சியும் கூடுதலாக ஒரு ஐபி சேனலும் உள்ள, முழு 1080 பதியும் ஒன்றை எடுத்தார். ஒரு பிஎன்சி மிச்சமாகக் காலியாக இருக்கிறது, பிறகு வாசலுக்கு ஒன்று போட்டுக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு எளிதுதான். ஒரு கேமராவுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்று அமைத்தால் நான்குக்கு 8 மெகாபிட், அதாவது விநாடிக்கு 1 மெகாபைட். ஒரு நாளில் 86,400 விநாடி, ஆக நாளொன்றுக்கு ஏறக்குறைய 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் சுமார் 11 நாள் நிற்கும், பிறகு பழையதன்மேல் புதியது பதியும். ஒரு மாதம் வேண்டுமென்றால் 3 டிபியாவது வேண்டும், அவ்வளவு பெரிய டிஸ்க்கை அந்த ரெக்கார்டர் ஏற்குமா என்பதையும் விவரத்தாளில் பார்க்க வேண்டும். கடை பூட்டியிருக்கும் நேரத்தில் அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் நாட்கள் நன்றாகவே கூடும்.

எல்லாவற்றையும் மாட்டியபோது இரண்டு சில்லறைத் தகராறுகள் வந்தன. இரண்டுமே பிறருக்கும் வரக்கூடியவை.

இரண்டாவது கேமராவின் படம் வந்தது, ஆனால் கலங்கலாக இருந்தது. அதே மாடலான முதல் கேமரா கூர்மையாக இருக்க, இது மட்டும் ஏன்? தம்பி லென்ஸைத் துடைத்துப் பார்த்தார், பலூனைச் சந்தேகப்பட்டார். ரெக்கார்டரின் சேனல் விவரப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு துளையிலும் என்ன வகை வருகிறது என்று காட்டும். முதல் சேனலில் 1080P25 என்று இருந்தது, இரண்டாவதில் அப்படி இல்லை, சிவிபிஎஸ் என்று காட்டியது. முன்பு யாரோ பழைய ரெக்கார்டருக்காக ஜாய்ஸ்டிக்கை அந்தப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள். டிவிஐ திசையில் ஐந்து விநாடி அழுத்தினார், படம் ஒருமுறை அணைந்து, கூர்மையாகத் திரும்பி வந்தது. அதாவது, செத்துப்போன படத்தைவிட மங்கலான படம் ஏமாற்றும். வகை தப்பாக இருப்பது அங்கே கண்ணில் படாது. மாட்டிய அன்றே எல்லாச் சேனலுக்கும் அந்த விவரப் பக்கத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

நெட்வொர்க் கேமராவை ரெக்கார்டர் கண்டுகொள்ளவே இல்லை. கலப்பு ரெக்கார்டரின் பின்னால் உள்ள ஒற்றை நெட்வொர்க் துளையில் கேமராவை நேரடியாகச் செருகியிருந்தார். அந்தத் துளை ரவுட்டருக்குப் போக வேண்டியது. கேமராவும் ரவுட்டருக்கோ ஸ்விட்சுக்கோ போக வேண்டும், இரண்டும் அங்கே சந்தித்துக்கொள்ளும். அந்த வழியில் கேமராவுக்கு மின்சாரமும் போகாது, அதனால் தனியாக 12 வோல்ட் அடாப்டர் தேவைப்பட்டது. லேபிளில் PoE என்று இருந்தாலும் அதைக் கொடுக்கும் ஸ்விட்ச் இருந்தால்தானே. இதைச் சரி செய்தபின்னும் வரவில்லை. ரீசெட் ஆன கேமரா 192.168.1.64 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது, கடையின் ரவுட்டரோ 192.168.0 என்ற வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது எண் வேறாக இருந்தால் இந்தச் சாதாரண அமைப்பில் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஒரு லேப்டாப்பில் தற்காலிகமாக 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்து, பிரவுசரில் கேமராவைத் திறந்து, அதன் முகவரியை 192.168.0.64 ஆக்கினோம். கேமராவும் ரெக்கார்டரும் வேறு வேறு கம்பெனி என்பதால், கேமராவின் அமைப்பில் ஆன்விஃப் என்ற பொது முறையை இயக்கி, அதற்கென்று தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் ரெக்கார்டரில் ONVIF என்று தேர்ந்தெடுத்துச் சேர்த்ததும் படம் வந்தது.

இரவில் மட்டும் கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் ரெக்கார்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். இருட்டியதும் அகச்சிவப்பு எல்இடிகள் எரிந்து மின்சாரத் தேவை கூடும். அடாப்டர் பலவீனமாக இருந்தாலோ, மெல்லிய வயர் நீளமாக ஓடினாலோ வோல்டேஜ் இறங்கி, கேமரா மறுபடி மறுபடி புதிதாகத் தொடங்கும். எல்இடி எரியும் நேரத்தில் கேமரா முனையில் மீட்டர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். அடாப்டர் முனையில் அளந்து 12 இருக்கிறதே என்று திருப்திப்பட்டால் பயனில்லை.

இந்தத் தம்பியின் கேமராக்கள் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழி இருந்தது. படத்தைப் பார்த்ததுமே "இதற்கு வெளியிலிருந்து ரெக்கார்டர் தேடாதீர்கள்" என்று நான் சொல்லிவிடும் கேமராக்களும் உண்டு. வாலே இல்லாமல் யுஎஸ்பி துளை மட்டும் உள்ள, பேட்டரியில் ஓடும் வைஃபை கேமராக்கள் அப்படி. பெரும்பாலானவை தங்கள் ஆப் தவிர யாருக்கும் படம் தராது. பிஎன்சி இருந்தும் லேபிளில் HD-SDI என்று இருந்தால் அது வேறு ஜாதி, மேலே சொன்ன கலப்பு ரெக்கார்டர்கள் அதை ஏற்காது. இன்னொன்று, பெட்டியோடு மொத்தமாக விற்கும் செட்டுகளில் வரும் நான்கு முள் உள்ள வட்ட பிளக். வீடியோவும் மின்சாரமும் ஒரே பிளக்கில் போகும், எந்த முள்ளில் எது என்பது செட்டுக்குச் செட்டு மாறும். பார்ப்பதற்கு ஒத்துப்போகிறதே என்று வேறு செட்டின் ரெக்கார்டரில் செருகினால் 12 வோல்ட் வீடியோ கம்பியில் ஏறிவிடலாம். அதற்கு அதே செட்டின் ரெக்கார்டர் கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டால் கேமராவை மாற்றிவிடுங்கள்.